பல தொகுதி நாவலைப் பலர் சேர்ந்து மொழிபெயர்க்கும்போது ஒரே குரலைக் காப்பது எப்படி?

ஆங்கில நாவல் ஒன்றின் முதல் தொகுதியில், வெளியே கிளம்பும் கணவனைப் பார்த்து மனைவி "உட்காருங்கள், இப்போது போனால் காரியம் கெட்டுவிடும்" என்கிறாள். இரண்டாம் தொகுதியில் அதே மனைவி அதே கணவனிடம் "உட்கார், பிறகு பேசலாம்" என்கிறாள். மூலத்தில் இரண்டு இடங்களிலும் இருப்பது 'யூ' என்ற ஒரே சொல்தான். தமிழில் படிப்பவரோ இந்த இரண்டு தொகுதிகளுக்கும் இடையில் அந்த வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் நடந்தது ஒன்றுதான்: மொழிபெயர்ப்பாளர் மாறியிருந்தார்.

சென்னையில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஐந்து தொகுதிகள் கொண்ட ஒரு குடும்ப நாவலை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தோம். முதல் தொகுதியை இருவர் தொடங்கினோம். மூன்றாவது நண்பர் இரண்டாம் தொகுதியிலும் நான்காமவர் நான்காம் தொகுதியிலும் வந்து சேர்ந்தார்கள். மேலே சொன்ன தவறு நாங்கள் செய்ததுதான். இப்படிப்பட்ட பணியை முதன்முறையாக எடுத்துக்கொள்பவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: எல்லாத் தொகுதிகளையும் படித்து முடித்த பிறகே முதல் வரியை எழுதுங்கள்

இதைச் சோம்பலால் தவிர்ப்பவர்களைவிட அவசரத்தால் தவிர்ப்பவர்களே அதிகம். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்று மட்டும் சொல்லிக் கதையை நகர்த்திவிடலாம். தமிழில் அண்ணனா தம்பியா என்று தெரியாமல் ஒரு பத்தியைக்கூடத் தாண்ட முடியாது. 'ஆன்ட்' என்பவள் அத்தையா, சித்தியா, பெரியம்மாவா, மாமியா என்பதும் அப்படியே. எங்கள் நாவலில் முதல் தொகுதி முழுவதும் வரும் ஓர் உறவுக்காரப் பெண், தந்தையின் தங்கை என்பது மூன்றாம் தொகுதியில் வரும் ஒரு கடிதத்தில்தான் தெரிகிறது. முன்பே படித்திருந்ததால் அவரை முதல் பக்கத்திலிருந்தே அத்தை என்று எழுத முடிந்தது. மூலத்தொடரே இன்னும் வெளிவந்துகொண்டிருந்தால், உரிமை பெற்ற பதிப்பகத்தின் வழியாக ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள். பதில் வரும்வரை பெயரைச் சொல்லியே எழுதி வைக்கலாம். ஊகித்து 'சித்தி' என்று அச்சிட்டுவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

இரண்டாம் படி: உறவு அட்டவணை தயாரியுங்கள்

மொழிபெயர்ப்புக் குழுக்கள் பொதுவாகக் கலைச்சொல் பட்டியல் ஒன்றை வைத்திருப்பார்கள். கதைத் தொடருக்கு அது போதாது. ஏனென்றால் தமிழில் ஒரு கதையின் குரல் பெயர்ச்சொற்களைவிட வினைமுற்றுகளில்தான் அதிகம் கேட்கிறது: வந்தான், வந்தார், வா, வாருங்கள். ஆகவே யார் யாரை எப்படி விளிக்கிறார், கதைசொல்லி அவரை எந்த விகுதியில் குறிக்கிறார் என்பதற்கு ஓர் அட்டவணை தேவை. எங்களுடையதில் சில வரிகள்:

| பேசுபவர் | யாரிடம் / யாரை | வடிவம் | எங்கிருந்து |
|---|---|---|---|
| மனைவி | கணவனிடம் | நீங்கள் | 1ஆம் தொகுதி, தொடக்கம் |
| மனைவி | கணவனிடம் | நீ (சண்டைக் காட்சியில் மட்டும்) | 3ஆம் தொகுதி, 11ஆம் அத்தியாயம் |
| சமையல்காரி | மூத்த மகனிடம் | நீ, தம்பி | 1ஆம் தொகுதி |
| சமையல்காரி | மூத்த மகனிடம் | நீங்கள், ஐயா | 4ஆம் தொகுதி, 2ஆம் அத்தியாயம் |
| கதைசொல்லி | மூத்த மகனை | அவன் | 5 தொகுதிகளிலும் |

'எங்கிருந்து' என்ற கடைசிப் பத்திதான் இந்த அட்டவணையின் உயிர். தொடர்கதையில் மனிதர்கள் வளர்கிறார்கள், பதவி பெறுகிறார்கள், பகைத்துக்கொள்கிறார்கள். அதனால் வடிவம் மாறுவது தவறில்லை. எந்தக் காட்சியில், எதனால் மாறுகிறது என்று தெரியாமல் மாறுவதுதான் தவறு. சிறுவனாக இருந்தவன் மருத்துவராகி ஊர் திரும்பும்போது சமையல்காரி 'நீ' என்பதிலிருந்து 'நீங்கள்' என்பதற்கு மாறுவதை மூலத்தில் எந்தச் சொல்லும் காட்டவில்லை. அவள் அவனை முன்பு பெயர் சொல்லி அழைத்தாள், இப்போது 'டாக்டர்' என்கிறாள் என்ற ஒரு குறிப்புதான் எங்களுக்குக் கிடைத்தது. விளிப்பெயர் மாறும் இடங்களை மூலத்தில் தேடிக் குறித்துக்கொண்டால் இத்தகைய முடிவுகளில் பாதி தானாகவே அமைந்துவிடும்.

அட்டவணையின் கடைசி வரியை எழுதாமல் விட்டதற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். அந்த மூத்த மகனுக்கு முதல் தொகுதியில் ஒன்பது வயது. இயல்பாகவே 'அவன்' என்று எழுதினோம். நான்காம் தொகுதியை எடுத்துக்கொண்ட நண்பர், முப்பத்து நான்கு வயது மருத்துவரை 'அவர்' என்று எழுதத் தொடங்கி, ஏறக்குறைய இருநூறு பக்கங்களை முடித்துவிட்டார். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை; அந்தத் தொகுதியை மட்டும் பார்த்தால் 'அவர்' என்பதே மரியாதையான, சரியான தேர்வு. ஆனால் வாசகர் மூன்று தொகுதிகளாக அந்தப் பையனின் மனத்துக்குள் இருந்து உலகைப் பார்த்து வந்திருக்கிறார். திடீரென்று 'அவர்' என்றதும் கதவு சாத்தப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே, கதை யாருடைய பார்வையில் நகர்கிறதோ அவரை வயது, பதவி பாராமல் 'அவன்', 'அவள்' என்றே குறிப்பது, மற்றவர்களை அந்தப் பார்வைக்கு உரியவர் மனத்தில் எப்படி வைத்திருப்பாரோ அப்படிக் குறிப்பது என்று முடிவு செய்தோம். மகனின் பார்வையில் செல்லும் அத்தியாயங்களில் தந்தை 'அவர்'. தந்தையின் பார்வையில் செல்லும் இரண்டே அத்தியாயங்களில் மட்டும் 'அவன்'.

அந்த இருநூறு பக்கங்களைத் திருத்த மூன்று வாரங்கள் ஆயின. கணினியில் 'அவர்' என்பதைத் தேடி 'அவன்' என்று மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 'எழுந்தார்', 'சொல்வார்', 'தெரியாதவராக' என்று வினைமுற்றிலும் வினையாலணையும் பெயரிலும் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது; 'தம்முடைய' என்பது 'தன்னுடைய' ஆக வேண்டும்; அதே பக்கத்தில் வரும் வேறொரு பெரியவரின் 'எழுந்தார்' அப்படியே இருக்க வேண்டும். எழுவாயைப் பார்த்து ஒவ்வொரு வாக்கியமாகத்தான் மாற்ற முடியும்.

மூன்றாம் படி: உரையாடலின் மொழியையும் எழுத்துமுறையையும் முடிவு செய்யுங்கள்

எங்களில் ஒருவர் நாகர்கோவில்காரர், ஒருவர் மதுரை, மற்ற இருவரும் சென்னையிலேயே வளர்ந்தவர்கள். பேச்சுத் தமிழில் உரையாடலை எழுதினால், நாவலில் வரும் ஒரே குடும்பம் ஓர் அத்தியாயத்தில் 'மதினி' என்றும் அடுத்ததில் 'அண்ணி' என்றும் பேசும். ஆகவே உரையாடலை எளிய எழுத்துத் தமிழில் வைத்து, வாக்கியங்களை மட்டும் குறுக்கிக்கொண்டோம். பேச்சுத் தமிழைத் தேர்ந்தெடுப்பதும் முறைதான். அப்படியானால் ஒரே ஒருவர் எல்லாத் தொகுதிகளின் உரையாடல்களையும் மறுபடி எழுதித் தர வேண்டும் என்பது என் கருத்து.

எழுத்துமுறைக்குப் புதிதாக விதி எழுத வேண்டியதில்லை. சொல் பிரிப்பு, சந்தி, நிறுத்தற்குறி ஆகியவற்றுக்கு மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு', சொல் வடிவத்துக்குக் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலான வாக்குவாதங்கள் அடங்கிவிடும். அகராதியின் எந்தப் பதிப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1992, 2008, 2020 என மூன்று பதிப்புகள் வந்திருக்கின்றன. ஆளுக்கொரு பதிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம்.

நான்காம் படி: புதிதாக வருபவருக்கு, ஏற்கெனவே அச்சான பக்கங்களைக் கொடுங்கள்

இடையில் சேர்பவரிடம் விதிகளைக் கொடுத்து 'இதைப் பின்பற்றுங்கள்' என்றால் பயன் குறைவு. முதல் தொகுதியிலிருந்து ஐந்து பக்கங்களை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்து, அச்சான தமிழைப் பார்க்காமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ஒரு வருணனை, ஒரு வாக்குவாதம், ஒரு கடிதம் மூன்றும் அதில் இருக்கட்டும். பிறகு அவருடையதையும் அச்சானதையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, இருவரும் உட்கார்ந்து படியுங்கள்.

நான்காமவருடன் இதைச் செய்தபோது கண்ட ஒரு வித்தியாசம் இது. மூலத்தில், மழையில் நனைந்தபடி அவள் வாசலில் நின்றாள், யாரும் கதவைத் திறக்கவில்லை என்று ஒரு நீண்ட வாக்கியம். அச்சான தமிழ்: "மழையில் நனைந்தபடி அவள் வாசலில் நின்றாள். யாரும் கதவைத் திறக்கவில்லை." அவருடையது: "யாரும் கதவைத் திறக்காததால், மழையில் நனைந்தவாறு அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்." இரண்டும் நல்ல தமிழ். ஆனால் எங்கள் கதைசொல்லி காரணம் சொல்வதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இப்படி ஏழெட்டு வித்தியாசங்களை எடுத்துப் பேசினாலே, ஐம்பது விதிகள் சொல்ல முடியாததைப் புதியவர் பிடித்துக்கொள்கிறார். சில இடங்களில் புதியவருடையதே மேலாக இருக்கும். அதையும் எழுதி வையுங்கள். ஆனால் அது அடுத்த தொகுதியின் தொடக்கத்திலிருந்து எல்லோருக்கும் பொருந்தும் முடிவாக இருக்கட்டும், ஒருவருடைய அத்தியாயங்களில் மட்டும் தலைகாட்ட வேண்டாம்.

ஐந்தாம் படி: எண்ணிப் பாருங்கள், பிறகு காதால் கேளுங்கள்

ஒவ்வொருவருக்கும் கைப்பழக்கமான சொற்கள் உண்டு. ஒருவர் 'சொன்னான்' என்று எழுதும் இடத்தில் இன்னொருவர் 'கூறினான்' என்பார். இதைக் கண்ணால் பிடிப்பது கடினம். கோப்பை எளிய உரைக்கோப்பாகச் சேமித்து, லினக்ஸ் அல்லது மேக் கணினியில் இப்படி எண்ணலாம்:

```
grep -o "கூறின" vol3.txt | wc -l
grep -o "சொன்ன" vol3.txt | wc -l
```

முந்தைய தொகுதியில் 'கூறின' அபூர்வமாகவும் இதில் பக்கத்துக்கு இரண்டாகவும் இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் 'சொ' என்பதன் ஒகரக் குறி ஒரே குறியாக இல்லாமல் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகப் பதிவாகியிருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் சிக்காது. எண்ணிக்கை சந்தேகத்துக்கு இடமாகக் குறைந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை சொல்லாததைக் காது சொல்லும். ஒருவர் கை முடிந்து மற்றவர் கை தொடங்கும் இடத்தில், முன்னே மூன்று பக்கம், பின்னே மூன்று பக்கம் எடுத்து, அந்த இரண்டையும் எழுதாத மூன்றாமவர் உரக்கப் படிக்க வேண்டும். படிப்பவருக்கு எங்கே மூச்சு தடுக்குகிறதோ அங்கே கோடு போடுங்கள். ஆனால் மூலத்திலேயே குரல் மாறும் இடத்தில் இந்தக் கோடுகளை நம்பக் கூடாது. எங்கள் ஐந்தாம் தொகுதியின் நடுப்பகுதி மகளின் நாட்குறிப்பாக வருகிறது. அது மற்றவற்றைப் போல ஒலித்தால்தான் பிழை.

ஆறாம் படி: கடைசிச் சொல்லுக்கு ஒருவரை நியமியுங்கள்

மகாபாரதத்தின் கும்பகோணம் பதிப்பில் பல வடமொழி அறிஞர்கள் மொழிபெயர்ப்பில் பங்கேற்றார்கள், ம.வீ. இராமானுஜாசாரியார் என்ற ஒருவர் அந்தப் பெரும்பணியைத் தொடக்கம் முதல் முடிவுவரை தாங்கி நின்றார். நம் சிறிய குழுவுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அவர் குழுவிலேயே சிறந்த மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டியதில்லை, எல்லாத் தொகுதிகளுக்கும் இருக்கக்கூடியவராக இருந்தால் போதும். அட்டவணையில் வரி சேர்ப்பதும் மாற்றுவதும் அவர் ஒருவர் மட்டுமே. மாற்றிய தேதியையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

ஒரு தொகுதி அச்சாகி வந்ததும் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அச்சான புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அட்டவணையை வரிக்கு வரி சரிபார்ப்பது. மெய்ப்புத் திருத்தும்போது கடைசி நேரத்தில் நுழைந்த மாற்றங்கள் எங்கள் கோப்புகளில் இருப்பதில்லை. வாசகர் படிப்பது புத்தகத்தை. அடுத்த தொகுதிக்கு வருபவருக்குக் கொடுக்க வேண்டியது இப்படிச் சரிபார்த்த அட்டவணையும், அச்சான எல்லாத் தொகுதிகளின் ஒரு பிரதியும்.