செலவை வரவுப் பக்கம் எழுதுவதா? இரட்டைப் பதிவில் புதுக் கடைக்காரர் தடுமாறும் இடங்கள்

ஹட்டனில் என் அக்காள் மகள் சின்னதாக ஒரு தையல் கடை போட்டாள். பிள்ளைகளுக்கான கவுன், சட்டை தைத்து விற்பது அவள் தொழில். தீபாவளிக்கு முந்திய மாதம்தான் தொடக்கம். மாதம் முடிந்ததும் சீ.ஆர். கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, ஒரு லட்சம் போட்டுத் தொடங்கினேன். இப்ப பெட்டியில நாப்பதாயிரந்தான் இருக்கு. அறுபதாயிரம் நட்டமா?"

கொப்பியைத் திறந்தால், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'வரவு', வலப்பக்கம் 'செலவு'. வரவின் கீழே சேமிப்பிலிருந்து போட்ட 1,00,000, கைக்காசு வியாபாரம் 22,000, மேட்டு லயத்து அக்கா கொடுத்த 6,000. செலவின் கீழே தையல் மெஷின் 55,000, வாடகை 8,000, புறக்கோட்டைத் துணிக்கடைக்குக் கட்டியது 20,000, வீட்டுச் சாமானுக்கு எடுத்தது 5,000. கழித்தால் 40,000. பெட்டியிலும் அதுவே இருந்தது. ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவள் எழுதியது காசின் நடமாட்டம் மட்டும்தான். துணிக்கடைக்கு இன்னும் கட்ட வேண்டிய பாக்கி அதில் இல்லை. மேட்டு லயத்திலிருந்து வரவேண்டிய மிச்சம் இல்லை. அலுமாரியில் மடித்து வைத்திருக்கும் துணியும் இல்லை. மெஷின் கடையில் கண்முன்னே நிற்கிறது, கொப்பியிலோ அது காணாமல் போன காசு.

முதல் தடுமாற்றம் சொல்லிலேயே இருக்கிறது

நம் நாட்டுக் கணக்கீட்டுப் புத்தகங்களில் இடப்பக்கத்துக்கு 'வரவு' என்றும் வலப்பக்கத்துக்கு 'செலவு' என்றும் பெயர். ஆங்கிலத்தில் டெபிட், கிரெடிட் என்கிறார்களே, அவைதான். வீட்டில் நாம் சொல்லும் வரவு செலவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடை வாடகை கட்டினால் வாடகைக் கணக்கை வரவு வைக்க வேண்டும் என்று சொன்னதும் பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வாடகை செலவுதானே மாமா?" அவள் சொல்லும் அந்தச் செலவுக்குப் புத்தகம் வேறு பெயர் வைத்திருக்கிறது: செலவினம். செலவினம் எழுதப்படும் பக்கம் வரவு. இதை ஏற்றுக்கொள்ள இரண்டு நாள் பிடிக்கும், பரவாயில்லை.

இதோடு இன்னொரு வம்பும் உண்டு. தமிழ்நாட்டு வீடியோ பார்த்துப் படித்தால் அங்கே டெபிட் 'பற்று', கிரெடிட் 'வரவு'. அதாவது அவர்களுடைய வரவு நம்முடைய செலவு. இரண்டையும் கலந்து படித்தவர் கொப்பியைத் திருத்த உட்காருவதைவிடப் புதிதாக எழுதிவிடலாம். வங்கிக் கூற்றும் குழப்பும். நாம் காசு போட்டால் வங்கி அதைக் கிரெடிட் என்று காட்டும். அது வங்கியின் புத்தகம், அந்தக் காசு அவர்கள் நமக்குத் தரவேண்டிய கடன், அதனால் அப்படி. நம் புத்தகத்தில் அதே தொகை வங்கிக் கணக்கின் வரவுப் பக்கம்.

அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு கேள்வி. ஒரு பெறுமதி எங்கிருந்து கிளம்பியது, எங்கே போய்ச் சேர்ந்தது? சேர்ந்த இடம் இடது, அதுதான் வரவு. கிளம்பிய இடம் வலது, அதுதான் செலவு. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்திலும் ஒரே தொகையால் எழுத வேண்டும். இரட்டைப் பதிவு என்பது இதுதான்.

ஒரு மாதத்தைத் திருப்பி எழுதினோம்

ஒரு லட்சம் அவள் கையிலிருந்து கிளம்பிக் கடைப் பெட்டியில் சேர்ந்தது. காசு வரவு, மூலதனம் செலவு. மெஷினுக்காக 55,000 பெட்டியிலிருந்து கிளம்பி மெஷினாக நிற்கிறது. மெஷின் வரவு, காசு செலவு. புறக்கோட்டையில் 35,000 ரூபாவுக்குத் துணி கடனுக்கு எடுத்தாள். கொள்வனவு வரவு, துணிக்கடைக்காரர் செலவு. இங்கே காசு அசையவே இல்லை, அதனால்தான் பழைய கொப்பியில் இந்த வரி கிடையாது.

பிறகு விற்பனை. கைக்காசுக்கு 22,000 போனது. மேட்டு லயத்து அக்கா நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து 14,000 ரூபாவுக்கு எடுத்துக்கொண்டு, பத்தாந்திகதி சம்பளம் வந்ததும் தருவதாகச் சொன்னார். முன்னதில் காசு வரவு. பின்னதில் காசுக்குப் பதில் அந்த அக்காவின் கணக்கு வரவு. இரண்டிலும் விற்பனை செலவு. சம்பளத்தன்று அவர் 6,000 கொடுத்தார். காசு வரவு, அக்காவின் கணக்கு செலவு. துணிக்கடைக்கு 20,000 கட்டினாள். துணிக்கடைக்காரர் வரவு, காசு செலவு. வாடகை 8,000, வாடகை வரவு, காசு செலவு. வீட்டுக்கு எடுத்த 5,000 பற்று, அதாவது உரிமையாளர் எடுத்துக்கொண்டது. பற்று வரவு, காசு செலவு.

கணக்குகளின் மீதிகளை மட்டும் எடுத்து எழுதினால் வருவது பரீட்சை மீதி:

| கணக்கு | வரவு | செலவு |
|---|---|---|
| காசு | 40,000 | |
| மேட்டு லயத்து அக்கா | 8,000 | |
| தையல் மெஷின் | 55,000 | |
| கொள்வனவு | 35,000 | |
| வாடகை | 8,000 | |
| பற்று | 5,000 | |
| துணிக்கடைக்காரர் | | 15,000 |
| விற்பனை | | 36,000 |
| மூலதனம் | | 1,00,000 |
| மொத்தம் | 1,51,000 | 1,51,000 |

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். அலுமாரித் துணியை எண்ணி, வாங்கிய விலைக்குப் பெறுமதி போட்டோம். 17,000. வாங்கிய 35,000 ரூபாத் துணியில் இதைக் கழித்தால், விற்ற உடுப்புகளுக்குப் போன துணி 18,000. விற்பனை 36,000. அதிலிருந்து துணி 18,000, வாடகை 8,000 இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 10,000. நட்டம் இல்லை, இலாபம். (மெஷின் ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 917 ரூபா தேய்மானமாகக் கழிய வேண்டும். வருட முடிவில் மொத்தமாகப் போட்டுக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். அவள் கூலியையும் இதில் கழிக்கவில்லை, அது அந்த இலாபத்துக்குள்ளேதான் இருக்கிறது.)

சரிதானா என்று இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். காசு 40,000, மெஷின் 55,000, துணி 17,000, வரவேண்டியது 8,000. கூட்டினால் 1,20,000. துணிக்கடைக்குக் கொடுக்க வேண்டிய 15,000 போக 1,05,000 அவளுடையது. போட்டது ஒரு லட்சம், உழைத்தது 10,000, வீட்டுக்கு எடுத்தது 5,000. அதே 1,05,000.

இரண்டு பக்கமும் ஒத்துப்போனதும் கொப்பியை மூடிவிடுவது

சொல் குழப்பத்தைத் தாண்டியவர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பரீட்சை மீதி ஒத்துவந்தால் இரண்டு பக்கமும் சம தொகை எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். சரியான கணக்கில் எழுதினோமா என்பது அதற்குத் தெரியாது.

மெஷினைக் கொள்வனவில் எழுதியிருந்தால் என்ன ஆகும்? அப்போதும் மொத்தம் 1,51,000, இரண்டு பக்கமும் சமம். ஆனால் 10,000 இலாபம் 45,000 நட்டமாகத் தலைகீழாகும். விற்பதற்கு வாங்கியது கொள்வனவு, வைத்து உழைப்பதற்கு வாங்கியது சொத்து. மெஷினுக்கு ஊசி மாற்றி எண்ணெய் போட்டால் அது சொத்தல்ல, பராமரிப்புச் செலவினம்.

இதைவிட அடிக்கடி நான் பார்ப்பது கடன் வியாபாரத்தை இரண்டு தரம் எண்ணுவது. கவுனைக் கொடுத்த அன்று 14,000 விற்பனை என்று எழுதியாகிவிட்டது. சம்பளத்தன்று 6,000 கைக்கு வந்ததும், காசு வந்த சந்தோஷத்தில் அதையும் விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். இப்போது விற்பனை 42,000. அக்காவின் பெயரில் இன்னும் 14,000 நிற்கும். மொத்தம் 1,57,000, அதுவும் இரண்டு பக்கமும் சமம்! இலாபம் 6,000 கூடித் தெரியும். மோசமானது அதுவல்ல. கொடுத்த காசை மறுபடி கேட்டு அந்த அக்காவின் வாசலில் போய் நிற்க நேரும். லயத்தில் அந்தப் பேச்சு நாலு வீடு தாண்டிவிட்டால் அடுத்த தீபாவளிக்கு யாரும் வரமாட்டார்கள்.

இதைப் பரீட்சை மீதி பிடிக்காது, வெளியே இருப்பவர்தான் பிடிப்பார். மாத முடிவில் கடன் வாங்கியவரிடம் "இவ்வளவு மிச்சம், சரிதானே அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். துணிக்கடைப் பில்லை வைத்து அவர்கள் மீதியையும் பாருங்கள். காசைப் பெட்டியில் எண்ணுங்கள், துணியை அலுமாரியில் எண்ணுங்கள்.

வீட்டுக்கு எடுக்கும் காசில் ஆட்கள் வேறு மாதிரித் தவறுகிறார்கள். பெட்டியிலிருந்து ஐந்நூறு எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு எழுதாமல் விடுவார்கள். மாத முடிவில் காசு குறையும். அதை 'சில்லறைச் செலவினம்' என்று சரிக்கட்டுவார்கள். அப்படிச் செய்தால் கடை உழைத்தது குறைத்துத் தெரியும், வீடு எடுத்தது தெரியவே தெரியாது. பெட்டிக்குள் ஒரு துண்டுக் கடதாசி போட்டு, எடுத்த உடனே தொகையைக் குறித்தால் போதும், மாலையில் பற்றுக் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். தன் பிள்ளைக்கென்று கடைத் துணியில் ஒரு கவுன் தைத்தாலும் பற்றுத்தான். அங்கே காசு அசையாது. பற்று வரவு, துணியின் வாங்கின விலைக்குக் கொள்வனவு செலவு.

அடுத்த மாதம் அவள் தானே எல்லாம் எழுதி, கூட்டிப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தாள். இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை, வித்தியாசம் 16,000. ஒத்துவராத தொகையை முதலில் ஒன்பதால் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். 36,000 என்பதை 63,000 என்று இலக்கம் மாற்றி எழுதினால் வித்தியாசம் 27,000, மீதியில்லாமல் ஒன்பதால் பிரியும். 16,000 பிரியவில்லை. சரி, அதைப் பாதியாக்கு என்றேன். ஒரு தொகை தவறான பக்கத்தில் ஏறினால் வித்தியாசம் அதன் இரண்டு மடங்காக வரும். பாதி 8,000. எட்டாயிரம் எங்கே இருக்கிறது என்று தேடு.

கொப்பி புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் சிரிப்பு.

"வாடகை, மாமா. செலவுப் பக்கம் போட்டிருக்கேன்."