புளி வியாபாரத்துக்குக் கடன்: மனு எங்கே பலவீனமாகிறது?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் புளி வியாபாரம் செய்பவர்கள் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சரக்கு வாங்கிப் போட்டு, வருஷம் முழுக்க விற்கிறார்கள். கைப்பணம் மொத்தமும் அந்த மூன்று மாதத்தில் சரக்கில் முடங்கிவிடும். வங்கிக்குப் போவதும் அப்போதுதான். கேட்கும் தொகை பல நேரம் நியாயமாகவே இருக்கும். அதைக் காட்ட மனுவில் எழுதும் கணக்கில்தான் கோளாறு.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு 8 லட்சம் ரூபாய் வேண்டும். சிறு தொழிலுக்கு ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் நடைமுறை மூலதனக் கடன் தருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் அடுத்த வருட விற்பனை 40 லட்சம் என்று எழுதிவிடுகிறார். 20 சதவீத விதி உண்மைதான். ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரைப்படி, விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று வைத்து, 20 சதவீதத்தை வங்கியும் 5 சதவீதத்தைத் தொழில் செய்பவரும் போட வேண்டும். ஆனால் அந்த விற்பனை நம்பும்படி இருக்கிறதா என்று வங்கி அதிகாரி முதலில் பார்ப்பார்.

அவர் கையில் எடுப்பது 12 மாத வங்கிக் கணக்கு. வரவு 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் தம்பி கணக்கிலிருந்து வந்தது, குழுக்கடன் தொகை, நகைக்கடன் தொகை, இன்று கட்டி நாளை எடுத்த ரொக்கம் எல்லாவற்றையும் அடித்துவிடுவார். 4 லட்சம் போய் 14 லட்சம் மிஞ்சுகிறது. போன வருடம் 14 லட்சத்துக்கு விற்றவர் இந்த வருடம் 40 லட்சத்துக்கு எப்படி விற்பார்? கூடுதலாக வாங்கப்போகிறவர் யார், ஆர்டர் கடிதம் உண்டா என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அதிகாரி 16 லட்சத்தை வேண்டுமானால் ஒப்புக்கொள்வார். அதில் 20 சதவீதம் 3.2 லட்சம். விற்பனையை ஊதிக் காட்டியதால் மற்ற தாள்கள் மீதும் சந்தேகம் விழுவதுதான் பெரிய நஷ்டம்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. 20 சதவீதம் என்பது போட்ட பணம் ஏறக்குறைய மூன்று மாதத்தில் சுற்றி வரும் தொழிலுக்கான கணக்கு. புளியில் அது ஒன்பது, பத்து மாதம் ஆகும். சுற்று நீளம் என்று காட்டினால், சரக்கு இருப்பை வைத்துக் கூடுதலாகக் கணக்கிட வங்கிக்கு இடம் உண்டு. அதற்கு விற்பனையைக் கூட்ட வேண்டியதில்லை. மாதவாரியாக எவ்வளவு வாங்குவோம், எவ்வளவு விற்போம், மாதக் கடைசியில் எவ்வளவு இருப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.

அதே வியாபாரியின் ஏப்ரல் கடைசி இருப்பு 8 லட்சம் மதிப்பு என்று வரட்டும். அதில் 1 லட்சம் மதிப்புச் சரக்குக்கு விவசாயிக்கு இன்னும் பணம் தரவில்லை. கடனுக்கு வாங்கிய அந்தப் பகுதிக்கு வங்கிப் பணம் கிடைக்காது. மிச்சம் 7 லட்சத்தில் 25 சதவீதம், அதாவது 1.75 லட்சம், சொந்த மார்ஜின். 5.25 லட்சம் கடனாகக் கேட்கலாம். 16 லட்சம் விற்பனையை வைத்துக்கொண்டே 3.2 லட்சம் 5.25 லட்சமாகிறது. ஒவ்வொரு மாதமும் இருப்பு குறையக் குறைய, எடுக்கக்கூடிய தொகையும் குறையும். அதனால்தான் இதைச் சமமான மாதத் தவணைக் கடனாகக் கேட்காமல், வேண்டும்போது எடுத்து விற்றதும் கட்டும் கேஷ் கிரெடிட் எனப்படும் சி.சி. கணக்காகக் கேட்க வேண்டும். தவணைக் கடனாக வாங்கினால், விற்பனை தொடங்குவதற்குள் முதல் தவணை வந்து நிற்கும்.

அடுத்தது புராஜெக்ட் ரிப்போர்ட். வெளியே காசு கொடுத்து அடித்து வாங்கியதை மனு போட்டவரே படித்திருக்க மாட்டார். 100 கிலோ ஓட்டுப்புளியில் சதை ஏறக்குறைய 55 கிலோதான் தேறும். மீதி கொட்டை, ஓடு, நார். ரிப்போர்ட்டில் 80 கிலோ என்று இருந்தால், அந்த லாபக் கணக்கு முழுவதும் அங்கேயே விழுந்துவிடும். இந்த ஊர்க் கிளையில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்காது. கொட்டை எடுக்கும் கூலி, கொட்டை விற்ற காசு, குளிர்பதனக் கிடங்கு வாடகை மூன்றும் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

பழைய கடனை மறைப்பதில் பயனில்லை. குழுக்கடனும் இன்னொருவருக்குப் போட்ட ஜாமீனும் பொதுவாக சிபில் அறிக்கையில் வந்துவிடும். அறிக்கையை முன்கூட்டியே எடுத்துப் பார்த்து, தவறிய தவணை இருந்தால் காரணத்தை மனுவிலேயே எழுதுவது நல்லது.

கடைசியாக அதிகாரி நேரில் வருவார். அப்போது இருப்புப் புத்தகமும் கிடங்கு ரசீதும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, யாரிடம் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்பார். வாங்கிய அன்றே தேதி, எடை, விலை, பணம் தந்த விதம் நான்கையும் எழுதி வைத்த ஒரு நோட்டு இருந்தால், அதைக் காட்டிப் பதில் சொல்லலாம்.