தொட்டியில் தேய்க்க வேண்டிய இடம்

குடிநீர்ப் பானையையும் தொட்டியையும் கழுவும்போது, தண்ணீர் மட்டம் நின்ற கோட்டையும் அதற்குச் சற்று மேலேயும் நார் வைத்து அழுத்தித் தேயுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்த ஈரச் சுவரில்தான் முட்டையை ஒட்டவைக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அது போகாது. காய்ந்தும் பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாகப் பொதுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்தால் போதும்.

அப்புறம், வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, மேலே தட்டு வையுங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக்கூடாது.

மண்பானைக்குச் சோப்பு வேண்டாம், நுண்துளைகளில் தங்கிவிடும். மாடித் தொட்டியை வாரந்தோறும் தேய்ப்பது நடக்காத காரியம். அதற்கு இறுக்கமான மூடியும், வழிந்தோடும் குழாய் வாயில் கொசுவலையும்தான் வழி.