வாயு மாறிலி R: எண்ணைத் தேர்வு செய்யும்போது எங்கே தவறுகிறோம்

வாயுக் கணக்குகள் உள்ள விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒவ்வொரு ஆண்டும் அதே பிழைகள் அதே இடங்களில் வருகின்றன. நாங்கள் படித்த காலத்தில் வகுப்பே சேர்ந்து செய்த பிழைகள்தான். செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறப்பது, மில்லிலிட்டரை அப்படியே போட்டுவிடுவது போன்றவற்றை இங்கே எடுக்கப் போவதில்லை. அவற்றில் விடை பெரும்பாலும் அபத்தமாக வரும், செய்தவரே கண்டுபிடித்துவிடுவார். விடை நம்பும்படி வந்தும் தவறாக இருப்பதுதான் ஆபத்து.

மூன்று R என்று நினைப்பது

பாடப்புத்தக அட்டவணையில் 0.08206, 8.314, 1.987 என்று வரிசையாகப் பார்ப்பவர்கள், மூன்று வெவ்வேறு மாறிலிகள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் “வாயு விதிக்கு 0.0821, ஆற்றலுக்கு 8.314” என்று ஒரு குறுக்குவழியை மனப்பாடம் செய்கிறார்கள். இருப்பது ஒரே R தான். அதை அளக்கும் அலகுதான் மாறுகிறது.

`PV = nRT` என்பதில் இடப்பக்கம் அழுத்தமும் கன அளவும் பெருகி நிற்கின்றன. இந்தப் பெருக்கல் ஓர் ஆற்றல். பாஸ்கல் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன். அதைக் கன மீட்டரால் பெருக்கினால் நியூட்டன் மீட்டர், அதாவது ஜூல். கிலோபாஸ்கலில் 1000 பாஸ்கல், லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கன மீட்டர். இரண்டையும் பெருக்கும்போது ஆயிரமும் ஆயிரத்தில் ஒன்றும் அடிபட்டுப் போகின்றன:

`1 kPa × 1 L = 1 J`

அதனால் கிலோபாஸ்கலும் லிட்டரும் உள்ள வாயு விதிக் கணக்கிலும் 8.314 நேராகப் பொருந்தும். அழுத்தம் அட்மாஸ்பியரிலும் கன அளவு லிட்டரிலும் இருந்தால் 0.08206. கணக்கு எந்தப் பாடத்தில் வருகிறது என்பதை வைத்து R-ஐ எடுக்காதீர்கள். கையில் உள்ள அழுத்தமும் கன அளவும் எந்த அலகில் இருக்கின்றன, விடை எந்த அலகில் வேண்டும் என்று பார்த்து எடுங்கள்.

லிட்டர் அட்மாஸ்பியரை ஜூலோடு கூட்டுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வாயு 1.50 அட்மாஸ்பியர் மாறாத வெளி அழுத்தத்தை எதிர்த்து 2.00 லிட்டரிலிருந்து 7.00 லிட்டராக விரிகிறது. அப்போது 1200 ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அக ஆற்றல் மாற்றம் எவ்வளவு?

`w = −PΔV = −1.50 × 5.00 = −7.50`

இதுவரை எல்லோரும் சரியாக வருகிறார்கள். அடுத்த வரியில் பலர் `ΔU = 1200 − 7.5 = 1192.5 J` என்று எழுதி, அடிக்கோடு போட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். அந்த 7.50-க்குப் பின்னால் அலகு எழுதாமல் விட்டதுதான் வினை. அது லிட்டர் அட்மாஸ்பியர். ஒரு லிட்டர் அட்மாஸ்பியர் 101.325 ஜூல். ஆகவே வாயு செய்த வேலை 760 ஜூல், சரியான விடை 440 ஜூல்.

ஒரு மாணவி விடைத்தாளோடு வந்து, “சார், எல்லாப் படியும் சரியாத்தானே இருக்கு, எதுக்குக் கழிச்சீங்க?” என்று கேட்டாள். அதே கணக்கைக் கிலோபாஸ்கலில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 1.50 அட்மாஸ்பியர் என்பது 152 கிலோபாஸ்கல். 5 லிட்டரால் பெருக்கினாள், 760 வந்தது. பழைய 7.5-ஐயும் புதிய 760-ஐயும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழைய தாளில் 7.5-க்குப் பக்கத்தில் தானே அலகை எழுதினாள்.

இந்தத் தவறு கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. 1192.5 என்பது பார்க்க நல்ல விடையாகவே இருக்கிறது. குறி சரி, அளவும் நம்பும்படி இருக்கிறது. ஆனால் உறிஞ்சிய வெப்பத்தில் சுமார் 63 சதவீதம் வேலையாக வெளியே போயிருக்கும்போது, ஒரு சதவீதம்கூடப் போகவில்லை என்று அந்த விடை சொல்கிறது.

இன்னும் மோசமாகவும் ஆகலாம். அதே விரிவில் உறிஞ்சிய வெப்பம் 500 ஜூல் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான ΔU −260 ஜூல். தவறாகப் போட்டால் +492.5 ஜூல். நல்லியல்பு வாயுவாக இருந்தால் அது உண்மையில் குளிர்ந்திருக்கிறது, தாளில் சூடாகியிருக்கிறது. மாற்றுக் காரணியில் விட்ட பிழை இப்போது குறியையே திருப்பிவிட்டது.

வெப்பநிலை மாறாத மீள் விரிவிலும் இதே கதைதான். 298 கெல்வினில் ஒரு மோல் நல்லியல்பு வாயு இரு மடங்காக விரிந்தால் `nRT ln 2` வேலையைத் தருகிறது. 8.314 போட்டால் 1717 ஜூல். 0.08206 போட்டால் 16.95 வரும், அது லிட்டர் அட்மாஸ்பியர். அதன் பக்கத்தில் ஜூல் என்று எழுதியிருப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். அறை வெப்பநிலையில் RT ஒரு மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல் என்று நினைவில் வையுங்கள். ஒரு மோல் அளவிலான வாயு ஓரிரு மடங்கு விரியும் கணக்கில் வேலை சில பத்து ஜூல் என்று வந்தால், 101.3 எங்கோ விடுபட்டிருக்கிறது.

அந்த 101.3-ஐத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதும் இல்லை. 8.314-ஐ 0.08206-ஆல் வகுத்தால் அதுவே கிடைக்கும். ஒரே R-ஐ இரண்டு அலகில் எழுதியிருப்பதால் அப்படித்தான் வந்தாக வேண்டும்.

வேகக் கணக்கில் கிராம்

சராசரி இருமடி மூல வேகத்துக்கான வாய்பாடு `√(3RT/M)`. இங்கே 8.314 எடுக்க வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரிகிறது. சிக்குவது M-இல். ஜூல் என்பதற்குள் கிலோகிராம் ஒளிந்திருக்கிறது, அதனால் மோலார் நிறையும் கிலோகிராமில் இருக்க வேண்டும். 300 கெல்வினில் நைட்ரஜனுக்கு M = 0.028 போட்டால் நொடிக்கு 517 மீட்டர். 28 என்று போட்டால் 16 மீட்டர் வரும். இரண்டுக்கும் இடையே 1000-இன் வர்க்கமூலமான 31.6 மடங்கு வித்தியாசம். விடை 1.6 என்று வந்திருந்தால் கிராமோடு 0.0821-உம் சேர்ந்து நுழைந்திருக்கிறது.

ΔH = ΔU + ΔnRT

ΔU கிலோஜூலில் தந்திருப்பார்கள், RT ஜூலில் வரும். 1000-ஆல் வகுத்துவிட்டுக் கூட்டுங்கள்.

பாரும் அட்மாஸ்பியரும்

ஒரு பார் 100 கிலோபாஸ்கல், ஒரு அட்மாஸ்பியர் 101.325. பாருக்கான R 0.08314, அட்மாஸ்பியருக்கு 0.08206. மாற்றிப் போட்டால் வரும் பிழை 1.3 சதவீதம்தான். ஆனால் நெருங்கிய எண்களில் நான்கு விடைகள் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வில் அதுவே போதும், தவறான கட்டத்தை நிரப்ப.

22.4 லிட்டர்

273.15 கெல்வினில் 1 அட்மாஸ்பியருக்கு மட்டும். 1 பார் என்று கேட்டிருந்தால் 22.7.