நாற்பது செகண்ட் பேய்க்கதை: கடைசி வரியில் சொதப்பாமல் இருக்க

நாற்பது செகண்ட் வீடியோவுக்குள் நிதானமாகச் சொல்ல ஐம்பது, அறுபது சொல்தான் தாங்கும். அதில் "வணக்கம் மக்களே, இது உண்மையா நடந்தது" என்று ஆரம்பித்தால் ஐந்து செகண்ட் போச்சு. வேலூர்க் கதை என்றாலே கோட்டை, அகழி, 1806 சிப்பாய்ப் புரட்சி என்று இழுப்பதும் இதே தப்புதான். யார், எப்போது, ஏன் செத்தார் என்று விளக்கவே நேரம் பத்தாது. கேட்பவருக்கு ஏற்கெனவே பழகிய இடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலூரின் காட்பாடியில் நடக்கும் இந்தக் கதையைப் பாருங்கள்:

ராத்திரி பதினொன்றரை. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு ஷேர் ஆட்டோ. ஏறினேன். "மூணு பேர் சேர்ந்தாதான் எடுப்பேன் சார்" என்றார் டிரைவர். யாரும் வரவில்லை. எதிரே டீக்கடையைச் சாத்தினார்கள். பக்கத்தில் வைத்திருந்த பை தானாகச் சரிந்தது. மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏனோ நெருக்கமாக இருந்தது. ஓரமாக நகர்ந்தேன். டிரைவர் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். "சரி, கிளம்பலாம். மூணு பேர் ஆச்சு."

"மூணு பேர்" என்பது தொடக்கத்திலேயே, சாதாரண ஆட்டோப் பேச்சாக வந்துவிடுகிறது. அதை விட்டுவிட்டால் கடைசி வரி யாருக்கும் புரியாது. அழுத்திச் சொன்னாலோ முன்னாலேயே புரிந்துவிடும்.

நடுவில் பலர் நாய் ஊளை, கொலுசுச் சத்தம், மல்லிகை வாசம் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். பேய் வரப்போகிறது என்று பத்தாவது செகண்டிலேயே தெரிந்துவிட்டால், மீதி முப்பது செகண்டுக்கு யார் உட்காருவார்? பை சரிவதும் நெருக்கமும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கடைசி வரியை மறைத்துவிட்டு ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். "அப்புறம்?" என்று கேட்டால் சரி. "பேய்தானே?" என்றால் நடுப்பகுதியில் ஏதோ ஒன்று கூடிப்போயிருக்கிறது.

அதிகம் சொதப்புவது கடைசி வரியின் அமைப்பில்தான். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடியும். "மூணு பேர் ஆச்சு என்று சொல்லிவிட்டு டிரைவர் வண்டியைக் கிளப்பினார்" என்றால், திகில் நடுவிலேயே வெடித்து, காதில் நிற்பது வண்டி கிளம்பியதுதான். அதனால்தான் டிரைவர் கண்ணாடியைப் பார்ப்பது தனி வாக்கியமாக முன்னால் வந்துவிட்டது. பேச்சுக்குள்ளும் "கிளம்பலாம்" முதலில், எண்ணிக்கை கடைசியில். கண்ணாடிக்கு அப்புறம் ஒரு செகண்ட் சும்மா இருங்கள். டமால் என்று இசை போட வேண்டாம். டிரைவர் சலிப்பாகப் பேசினாலே போதும்.

அதன் பிறகு "திரும்பிப் பார்த்தேன், யாருமே இல்லை" என்று ஒட்டவே ஒட்டாதீர்கள். வீடியோவின் தலைப்பும் கவனம்: "ஆட்டோவில் ஏறிய ஆவி" என்று போட்டால் கதையே தேவையில்லை. "காட்பாடி கடைசி ஆட்டோ" போதும்.