ஒரே நிகழ்ச்சி, நான்கு வெளிச்சம்: நிறம் ஒட்டவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலர் கரெக்ஷன் பழகுபவர்கள் தங்கள் டைம்லைனைத் திறந்து காட்டும்போது பெரும்பாலும் பார்த்துப் பழகிய தவறுகளே தென்படுகின்றன. எல்லாம் நானும் ஒரு காலத்தில் செய்தவைதான், அதனால் சட்டென்று கண்ணில் பட்டுவிடும். திரையின் நைட் மோடை அணைக்காமல் உட்காருவது, அளவுக்கு மீறி சாச்சுரேஷன் ஏற்றுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. யாராவது ஒருவர் சொன்னால் ஒரே நாளில் திருந்திவிடும் விஷயங்கள் அவை. ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்து, அதை ஒரே படமாகத் தெரியவைக்கும்போது நடக்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

## முந்தைய கிளிப்பைப் பார்த்து அடுத்ததைச் சரிசெய்வது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஏனென்றால் வேலை நடக்கும்போது இது தவறாகவே தெரியாது.

ஒரு விருது விழா. வரவேற்பு வெளியே மர நிழலில் நடந்தது, நீலம் கலந்த பகல் வெளிச்சம். மேடையில் 3200 கெல்வின் அளவிலான மஞ்சள் விளக்குகள். பார்வையாளர் பகுதியின் கூரையில் பச்சைச் சாயலுள்ள எல்இடி. பக்கவாட்டு இருக்கைகளில் ஜன்னல் வெளிச்சம். மேடையைப் பார்த்த கேமராவில் வைட் பேலன்ஸ் 3200-ல் பூட்டப்பட்டிருந்தது, சுற்றித் திரிந்த இன்னொரு கேமரா ஆட்டோவில் ஓடியது.

எடிட் செய்த தம்பி டைம்லைனின் முதல் கிளிப்பை அழகாகச் சரிசெய்தார். இரண்டாவதை முதலாவதோடு ஒப்பிட்டு ஒட்டவைத்தார், மூன்றாவதை இரண்டாவதோடு. இப்படியே கடைசிவரை போனார். ஓடவிட்டுப் பார்த்தால் எந்த வெட்டிலும் உறுத்தல் இல்லை. பிறகு இரண்டு நிமிடச் சுருக்கம் வெட்டும்போது முதல் பேச்சாளரும் கடைசிப் பேச்சாளரும் அடுத்தடுத்து வந்தார்கள். அதே மேடை, அதே விளக்கு, அதே கேமரா. முதலாமவருக்குப் பின்னால் திரை கருப்பு, கடைசிப் பேச்சாளருக்குப் பின்னால் அதே திரை பழுப்பு. சட்டையும் வெளிறிய மஞ்சளாகியிருந்தது. நிகழ்ச்சிக்காரர் பார்த்த உடனே கேட்டார்: "இது வேற நாள் எடுத்ததா?" படம் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

இது ஏன் நடக்கிறது? ஒவ்வொரு ஒப்பீட்டிலும் சிறு பிழை மிஞ்சும். அடுத்தடுத்த இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் கண்ணுக்கே தெரியாத அளவுதான். அந்தப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போனால் பரவாயில்லை. ஆனால் கண் பழகிவிடுகிறது. மஞ்சள் சாய்ந்த படத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவே நடுநிலை என்று மூளை எடுத்துக்கொள்ளும், அடுத்த கிளிப்பை இன்னும் கொஞ்சம் மஞ்சளாக்கினால்தான் "சரி" என்று தோன்றும். பிழை ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. மேடைக் கிளிப்பில் இருப்பது ஒரு முகமும் கருப்புத் திரையும். அடுத்து வரும் பார்வையாளர் கிளிப்பில் இருப்பது நூறு தலைகளும் வெள்ளைச் சுவரும். இரண்டையும் எதை வைத்து ஒப்பிடுவது? பொது அம்சம் எதுவும் இல்லாதபோது மொத்தச் சட்டகத்தின் சராசரி நிறத்தை ஒட்டவைக்கிறோம். சுவர் வெள்ளையாக இருப்பதற்காகவே பார்வையாளர் காட்சியை மஞ்சளாக்கிவிடுகிறோம்.

இதற்கு மாற்று, டைம்லைன் வரிசையை மறந்துவிடுவதுதான். முதலில் கிளிப்புகளை வெளிச்சம் வாரியாகப் பிரியுங்கள். இந்த விழாவில் நான்கு கூட்டங்கள்: மேடை, பார்வையாளர், ஜன்னல், வெளிப்புறம். டாவின்சி ரிசால்வில் இவற்றைத் தனித்தனி குரூப்பாக வைக்கலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு முகம் தெளிவாக, வெளிச்சம் எரிந்துபோகாமல், கருப்பான ஏதாவது ஒன்றோடு தெரியும் கிளிப்பைத் தலைமைக் கிளிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இந்த நான்கில் ஒன்றை மூலமாக்குங்கள். அதிக நேரம் திரையில் ஓடப்போகும் வெளிச்சமே பொருத்தமானது. விழாப் படத்தில் அது மேடை. மேடைத் தலைமைக் கிளிப்பை நிதானமாகச் சரிசெய்து, `Grab Still` கொடுத்து ஸ்டில்லாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று தலைமைக் கிளிப்புகளையும் இந்த ஸ்டில்லோடு மட்டும் ஒப்பிட வேண்டும். கூட்டத்துக்குள் இருக்கும் கிளிப்புகளை அந்தந்தத் தலைமைக் கிளிப்போடு மட்டும் ஒப்பிட வேண்டும். அப்போது எந்தக் கிளிப்பும் மூலத்திலிருந்து இரண்டு படிக்கு மேல் தள்ளி நிற்காது, பிழை சேர இடமும் இருக்காது.

தலைமைக் கிளிப்புகளை ஒப்பிட ஒரு நல்ல வழி, எல்லா இடத்திலும் வந்துபோகும் ஒரே ஆளைத் தேடுவது. அந்த விழாவில் தொகுப்பாளர் வாசலிலும் நின்றார், மேடையிலும் நின்றார், கீழே இறங்கிப் பார்வையாளரிடமும் பேசினார். அவருடைய நெற்றிதான் அளவுகோல். மேடை ஸ்டில்லில் அது, வெளிச்சத்தை அளந்து காட்டும் வேவ்ஃபார்மில், நூறுக்கு 50-ஐ ஒட்டி இருந்தது. பார்வையாளர் பகுதியில் அதே நெற்றி 38-ல் கிடந்தது, நிறச் சாய்வைக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறக் கோட்டிலிருந்து பச்சைப் பக்கம் விலகியும் இருந்தது.

இங்கே வரிசை முக்கியம். முதலில் கருப்பையும் வெளிச்சத்தையும் சரிசெய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் பரேடில் மூன்று நிறங்களின் அடிப்பகுதியும் ஒரே உயரத்தில் இருக்கிறதா பாருங்கள், பிறகு நெற்றியை 50-க்கு அருகில் கொண்டுவாருங்கள். அதன் பிறகே நிறம். பச்சைச் சாயலுக்கு டெம்பரேச்சரைத் தொடாதீர்கள். அது நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஓடுவது. பச்சைக்கு எதிர்ப்பக்கம் மெஜந்தா, அதற்குரியது டின்ட். நெற்றி தோல் நிறக் கோட்டுக்கு வரும்வரை டின்டை நகர்த்தினால் போதும். சாச்சுரேஷன் கடைசியில்தான். கான்ட்ராஸ்ட் ஏற்றும்போது சாச்சுரேஷனும் தானாகவே கொஞ்சம் ஏறும், அதனால் முன்பே ஏற்றி வைத்தால் திரும்ப இறக்க வேண்டியிருக்கும்.

அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் கருமையாக இருந்தாலும் வெளுப்பாக இருந்தாலும் நிறச் சாய்வு பெரும்பாலும் அதே கோட்டை ஒட்டியே விழும், மாறுவது வெளிச்ச அளவும் செறிவும். அதற்காக எல்லா முகத்தையும் கோட்டின் மேல் அச்சாக உட்காரவைக்க வேண்டியதில்லை. மூல ஸ்டில்லில் அந்த முகம் எங்கே விழுந்ததோ அங்கேயே விழுந்தால் போதும்.

வேலை முடிந்ததும் ஒரே கூட்டத்தின் முதல் கிளிப்பையும் கடைசிக் கிளிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடவிட்டுப் பார்க்கும்போது தப்பிய நகர்வு இங்கே அகப்பட்டுவிடும். குரூப் வைத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. "மேடை கொஞ்சம் மஞ்சளா இருக்கே" என்று நிகழ்ச்சிக்காரர் சொன்னால் குரூப்பின் ஒரு நோடில் மாற்றினால் மேடைக் கிளிப்புகள் அத்தனையும் மாறிவிடும். சங்கிலியாகச் செய்திருந்தால் அந்த ஒரு வரிக்கு ஓர் இரவு போகும்.

## எல்லா இடத்தையும் ஒரே வெள்ளையாக்குவது

ஒட்டவைப்பது என்றால் மர நிழலும் மேடையும் ஒரே நிறமாவது இல்லை. மேடை கொஞ்சம் இதமாகவும் வெளிப்புறம் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் பார்ப்பவருக்கு இடம் மாறியது புரியும். ஒத்துப்போக வேண்டியவை முகத்தின் வெளிச்சம், கருப்பின் ஆழம், சாச்சுரேஷன் ஆகியவை. பின்னணியில் மிச்சமிருக்கும் சாயலை விட்டுவிடலாம்.

## வெள்ளைச் சட்டையை நம்புவது

ஐடிராப்பரை எடுத்துச் சட்டையில் ஒரு கிளிக். உடனே படம் மஞ்சளாகும். சலவைத்தூளிலும் துணியிலும் உள்ள வெளுப்பூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்புகின்றன. பகல் வெளிச்சத்தில் புதுச் சட்டை உண்மையிலேயே நீலம் கலந்த வெள்ளைதான். மென்பொருள் அந்த நீலத்தைப் பிழை என்று நினைத்து எடுத்துவிடுகிறது. சாம்பல் நிறச் சுவரோ மைக் கம்பியோ கிடைத்தால் அது மேல். எதுவுமே இல்லாவிட்டால் முகம்.

## பாதி முகம் நீலம், பாதி முகம் ஆரஞ்சு

ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு ஒரு கன்னத்தில் பகல் வெளிச்சம், மறு கன்னத்தில் மேடை விளக்கு. இதை டெம்பரேச்சர் ஸ்லைடரால் தீர்க்கவே முடியாது. ஒரு பக்கம் சரியாக ஆக, மறு பக்கம் கெடும். நான் செய்வது இதுதான்: கேமராவைப் பார்த்த பக்கத்துக்குப் பேலன்ஸ் செய்துவிட்டு, மறு பக்கத்து நிறத்தைக் குவாலிஃபையரில் பிடித்து அதன் சாச்சுரேஷனை மட்டும் பாதியாகக் குறைப்பேன். நிறத்தையே மாற்றப் போனால் மூக்கின் நடுவில் கோடு தெரியும். சாச்சுரேஷனைக் குறைத்தால் அது வெறும் நிழல் போல அடங்கிவிடும்.

## முழு நீல மேடை விளக்கு

விட்டுவிடுங்கள். சிவப்புச் சேனலில் ஏறக்குறைய ஒன்றுமே பதிவாகியிருக்காது, இழுத்தால் வருவது தோல் நிறம் இல்லை, நாய்ஸ். நடனம் நீலத்திலேயே இருக்கட்டும், வெளிச்ச அளவை மட்டும் அக்கம்பக்கத்துக் கிளிப்புகளோடு சேர்த்துவிடுங்கள்.

## ஆட்டோ வைட் பேலன்ஸ்

படம்பிடிப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: கெல்வினைப் பூட்டு. தவறான எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, பூட்டிய தவறு எல்லாக் கிளிப்பிலும் ஒரே அளவில் இருப்பதால் ஒரே திருத்தம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆட்டோவில் கேமரா திரும்பும்போதெல்லாம் ஒரே ஷாட்டுக்குள் நிறம் நகரும். ஏற்கெனவே அப்படி எடுத்தாகிவிட்டது என்றால் நகர்வு தொடங்கும் ஃபிரேமிலும் முடியும் ஃபிரேமிலும் கீஃபிரேம் வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

தவறு பெரிதென்றால் அதற்கும் எல்லை உண்டு. மஞ்சள் விளக்கை 5600 கெல்வினில் 8 பிட்டில் எடுத்திருந்தால் நீலச் சேனல் அடியில் கிடக்கும். ஒரு சேனலுக்கு இருப்பதே 256 படிகள், அவற்றிலும் கீழே உள்ள சிலவற்றைத்தான் நீட்டி இழுக்கிறீர்கள். இருண்ட பகுதிகளில் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, கொஞ்சம் மஞ்சளை ஏற்றுக்கொள்வது நல்லது. ரா கோப்பாக எடுத்திருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும், வைட் பேலன்ஸை முதலிலிருந்தே மாற்றி வைக்கலாம்.

## முதல் நோடிலேயே லட்

வேண்டாம். படத்துக்கு ஆயத்த நிறத் தோற்றம் தரும், அழகுக்கான லட் கடைசி நோடில் அல்லது டைம்லைன் மட்டத்தில் இருக்கட்டும். முன்னால் போட்டால் அது நசுக்கிய நிறத்தின் மேல்தான் பின்னால் வரும் திருத்தமெல்லாம் நடக்கும்.

## தானாக ஒட்டவைக்கும் பட்டன்

ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு கிளிப்புகளுக்குப் பயன்படுத்துங்கள், நேரம் மிச்சம். மேடையையும் பார்வையாளரையும் அதனிடம் கொடுத்தால் அதுவும் சுவரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும், நெற்றியைப் பார்த்து அல்ல.