பேண்ட் பிரேக் கணக்கு: லீவர் விசை எங்கே தவறிப்போகிறது

டிரம்மைச் சுற்றிப் போகும் எஃகுப் பட்டை, அதன் இரு முனைகளையும் பிடித்திருக்கும் ஒரு லீவர். பேண்ட் பிரேக் என்றால் இவ்வளவுதான். கணக்கும் இரண்டு சமன்பாடுகளில் முடிந்துவிடும். ஆனாலும் விடை மூன்று மடங்கு, ஆறு மடங்கு என்று விலகிப் போவது இங்கே சாதாரணம். விலகிய விடையும் பார்வைக்கு நியாயமாகவே இருக்கும் என்பதுதான் தொல்லை.

ஒரு பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். டிரம்மின் ஆரம் 200 மி.மீ. பட்டை 270 டிகிரி சுற்றியிருக்கிறது. உராய்வுக் கெழு 0.25. தேவையான பிரேக் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர். பட்டையின் ஒரு முனை, லீவர் திரும்பும் புள்ளியான ஃபல்க்ரமிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. மறுமுனை அங்கிருந்து 100 மி.மீ. தள்ளி லீவரில் இருக்கிறது. கையால் அழுத்தும் இடம் ஃபல்க்ரமிலிருந்து 500 மி.மீ. பட்டையின் இறுக்கப் பக்க இழுவிசை T1, தளர் பக்க இழுவிசை T2.

```
T1 − T2 = 300 / 0.2 = 1500 N
T1 / T2 = e^(μθ) = e^(0.25 × 4.712) = 3.248
T2 = 1500 / 2.248 = 667 N
T1 = 2167 N
```

இதில் 4.712 என்பது 270 டிகிரியின் ரேடியன் மதிப்பு. டிகிரியை அப்படியே போட்டால் அடுக்கு 67.5 ஆகிவிடும், விகிதம் முப்பது இலக்க எண்ணாக வந்து நிற்கும். இந்தத் தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் ஆபத்தில்லை.

ஆபத்தானது மடக்கைத் தவறு. பழைய பாடமுறையில் 2.3 log(T1/T2) = μθ என்று எழுதுவார்கள். அந்த 2.3-ஐ விட்டுவிட்டு, 1.178-க்கு நேராக 10-இன் அடுக்கை எடுத்தால் விகிதம் 15.07 வரும். T2 சுமார் 107 நியூட்டனாகச் சுருங்கும், லீவர் விசை 21 நியூட்டன் என்று விழும். "பரவாயில்லை, இலேசான பிரேக்" என்று தோன்றும். உண்மையில் தேவைப்படுவது அதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். சரிபார்க்க எளிய வழி உண்டு: முக்கால் சுற்று, 0.25 உராய்வு என்றால் விகிதம் மூன்றை ஒட்டித்தான் இருக்க வேண்டும். பதினைந்து வந்தால் கால்குலேட்டரில் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். லீவரில் மாட்டியிருக்கும் முனை இறுக்கப் பக்கமா, தளர் பக்கமா? படத்தில் அது எங்கே இருக்கிறது என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. டிரம் சுழலும் திசைதான் சொல்லும். டிரம்மின் பரப்பு பட்டைக்குள் எந்த முனையில் நுழைகிறதோ, அந்த முனைதான் இறுக்கப் பக்கம். சுழலும் டிரம் பட்டையைத் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கும்; நுழைவு முனை அந்த இழுப்பைத் தாங்கி நிற்கும். வெளியேறும் முனை தளர்ந்திருக்கும். டிரம்மில் அம்புக்குறி போடாமல் T1, T2 என்று பெயர் எழுதத் தொடங்குவதால்தான் பாதிப் பேர் இங்கே வழுக்குகிறார்கள்.

ஃபல்க்ரமில் இருக்கும் முனைக்கு லீவரின் மேல் திருப்பமே கிடையாது, அதன் தூரம் சுழியம். எனவே லீவரில் தளர் பக்கம் இருந்தால் லீவர் விசை P = 667 × 100 / 500 = 133 நியூட்டன். கையால் தரக்கூடிய விசைதான். டிரம் எதிர்த்திசையில் சுழன்றால் அதே முனை இறுக்கப் பக்கமாகிவிடும்; அப்போது P = 2167 × 100 / 500 = 433 நியூட்டன். அது ஏறத்தாழ 44 கிலோ எடையின் அழுத்தம்.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். 133 நியூட்டனுக்கு வடிவமைத்த பிரேக்கில் டிரம் எதிர்த்திசையில் சுழல்கிறது, கை மட்டும் அதே விசையைத் தருகிறது. இப்போது 667 நியூட்டன் இறுக்கப் பக்கம் ஆகிறது, மறுபக்கம் 205 தான். கிடைக்கும் முறுக்குவிசை வெறும் 92 நியூட்டன் மீட்டர். இரு திசையிலும் சுழலும் டிரம்மில் சாதாரண பேண்ட் பிரேக்கை மாட்டுவதானால் 433-ஐத்தான் வடிவமைப்பு விசையாகக் கொள்ள வேண்டும்.

100 மி.மீ. என்ற தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஃபல்க்ரமிலிருந்து பட்டையின் இழுவிசைக் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரம். பட்டை லீவரோடு 60 டிகிரி சாய்ந்து வந்தால், துளைக்குத் துளை 100 மி.மீ. இருந்தாலும் கணக்கில் வருவது 86.6 தான்.

உராய்வுக் கெழுவை 0.25 என்று ஒரே எண்ணாக வைத்துவிட்டு மறந்துவிடுவதும் பிழைதான். அது அடுக்கில் உட்கார்ந்திருப்பதால் சிறு மாற்றம்கூடப் பெரிதாகிவிடும். அதே பிரேக்கில் கெழு 0.2 ஆனால் லீவர் விசை 192 நியூட்டன், 0.3 ஆனால் 96. லைனிங்கில் ஈரமோ எண்ணெயோ பட்டால் கெழு இன்னும் கீழே போகும். அதனால் விசையைக் கணக்கிடும்போது எதிர்பார்க்கக்கூடிய மிகக் குறைந்த கெழுவை எடுப்பதே பாதுகாப்பு.

ஆனால் டிஃபரன்ஷியல் பேண்ட் பிரேக்கில் இது மட்டும் போதாது. அங்கே இறுக்கப் பக்கமும் ஃபல்க்ரமை விட்டு b தூரம் தள்ளி, எதிர்ப்புறத்தில் மாட்டப்பட்டிருக்கும். லீவரை அழுத்தும்போது அது கைக்கு உதவியாகத் திருப்பும்.

```
P = (T2·a − T1·b) / l
```

இதில் a தளர் பக்கத்தின் தூரம், l கை அழுத்தும் இடத்தின் தூரம். a = 100, b = 25, l = 500 மி.மீ. என்றால் P வெறும் 25 நியூட்டன். 133-க்குப் பதில் 25! இதைப் பார்த்து மகிழ்ந்துவிடுவதுதான் தவறு. T1-க்கும் T2-க்கும் உள்ள விகிதம் a/b-ஐ, அதாவது 4-ஐ, தொட்டவுடன் P சுழியமாகிவிடும். பிரேக் தானாகவே பூட்டிக்கொள்ளும், லீவரை விட்டாலும் விடாது. அந்த விகிதம் 4 ஆவதற்குக் கெழு 0.294 ஆனாலே போதும், 0.25-இலிருந்து அது அதிக தூரமில்லை. கணக்கில் 0.3 போட்டால் P மைனஸ் 2.7 நியூட்டன் வருகிறது. அந்த மைனஸ் குறியைக் கூட்டல் பிழை என்று அடித்துத் திருத்துபவர்கள் உண்டு. அது பூட்டிக்கொள்ளும் என்பதற்கான அறிவிப்பு.

ஆகவே இந்த வகையில் இரு முனைச் சோதனை தேவை: விசைக்கு மிகக் குறைந்த கெழு, பூட்டலுக்கு மிக உயர்ந்த கெழு. லைனிங்கின் கெழு 0.2-க்கும் 0.3-க்கும் இடையில் ஆடும் என்றால், b-ஐ 20 மி.மீ. ஆகக் குறைத்துப் பார்க்கலாம். a/b இப்போது 5, கெழு 0.34 வரை போனால்தான் பூட்டும். கெழு 0.2 இருக்கும் மோசமான நிலையிலும் லீவர் விசை 93 நியூட்டன்தான், சாதாரண பேண்ட் பிரேக் கேட்ட 192-இல் பாதிக்கும் குறைவு. இதெல்லாம் டிரம் ஒரே திசையில் சுழலும் வரைதான்: எதிர்த்திசையில் சமன்பாடு P = (T1·a − T2·b) / l ஆகிவிடும், கெழு 0.25 என்றாலே விசை 400 நியூட்டனைத் தாண்டும்.